மருந்துப் பெட்டி: சொட்டு கண்ணுக்குள்ளதான் போகுதா?

போன மாசம் லண்டன்ல இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. "என் மாமியாருக்கு 74 வயசு. எங்களோடதான் இருக்காங்க. கண்ல பிரஷர்னு ஏழு வருஷமா சொட்டு மருந்து போடறாங்க. முதல்ல ஒரு பாட்டில்தான் இருந்துச்சு, இப்ப மூணு. ரெண்டு பிரஷருக்கு, ஒண்ணு கண் வறட்சிக்கு. போன செக்கப்ல பிரஷர் 24. இன்னும் குறையலைன்னா வேற மருந்து சேர்க்கணும், இல்லைன்னா லேசர்னு டாக்டர் சொல்றார். அத்தை ஒரு நாள்கூட விடாம போடறாங்க. அப்புறம் ஏன் குறைய மாட்டேங்குது?"

நான் ஃபார்மசிஸ்ட். டாக்டர் இல்ல. பிரஷர் ஏன் குறையலைன்னு சொல்ற இடத்துல நான் இல்ல. ஆனா இந்தக் கேள்வி வந்தா, மருந்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நான் கேக்கற விஷயம் ஒண்ணு உண்டு. அதையேதான் அவங்களுக்கும் எழுதினேன்: இன்னைக்கு ராத்திரி அத்தை சொட்டு போடும்போது பக்கத்துல உக்காந்து பாருங்க. திருத்தாதீங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. பாத்ததை மட்டும் எழுதி அனுப்புங்க.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. அவங்க அனுமதியோட சுருக்கிச் சொல்றேன். எட்டரைக்கு சீரியல். எட்டு இருபத்தெட்டுக்கு அத்தை சமையலறை ஜன்னல் ஓரத்துல, கெட்டிலுக்குப் பக்கத்துல இருக்கற மூணு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு வந்து சோபாவுல நேரா உக்காருவாங்க. முதல் பாட்டில்ல ஒரு சொட்டு இமை முடியில விழும். சந்தேகத்துக்கு இன்னும் ரெண்டு சொட்டு. கண்ணைப் படபடன்னு கொட்டுவாங்க. உடனே ரெண்டாவது பாட்டில், அது முடிஞ்ச கையோட ஜெல். கன்னத்துல வழியறதை முந்தானையால துடைச்சுக்குவாங்க. ரெண்டு கண்ணு, மூணு மருந்து, மொத்தம் ரெண்டு நிமிஷம். விளம்பரம் முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. ராத்திரி போடற லேட்டனோப்ரோஸ்ட் பாட்டில் மாசத்துக்கு ஒண்ணுதான் கிடைக்கும். அத்தைக்கு அது ரெண்டு வாரத்துலயே தீந்துடும். சீக்கிரம் வாங்கித் தாங்கன்னு மருமககிட்ட கேக்க ஒரு சங்கடம். அதனால மீதி ரெண்டு வாரத்துக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப திருச்சியில வாங்கித் திறந்த அதே மருந்தை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிக்கனமா போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. நாலு மாசமா! "ஒரு நாள்கூட விடாம"ங்கறது பொய்யில்ல. பாட்டிலைக் கையில எடுக்காத நாள்னு அவங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

இதுல எவ்வளவு விஷயம் இருக்குன்னு பாருங்க. க்ளாகோமாவுல, கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தம் பின்னாடி இருக்கற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்குது. வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதல்ல போகும், அதனால நோயாளிக்கே ரொம்ப நாள் தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தறதுதான் சொட்டு மருந்தோட வேலை. மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சு டாக்டர் நாலாவது பாட்டிலை எழுதினா, அதுவும் இதே மாதிரி கன்னத்துலதான் வழியும்.

முதல்ல, கண்ணு எவ்வளவு பிடிக்கும்ங்கறதைப் பார்ப்போம். ஒரு மில்லி லிட்டரை ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரோ லிட்டர். சாதாரணமா நம்ம கண்ணுல இருக்கற கண்ணீர் சுமார் 7 மைக்ரோ லிட்டர். கண்ணைக் கொட்டாம அசையாம இருந்தா அதிகபட்சம் 30 வரைக்கும் பிடிக்கும். பாட்டில்ல இருந்து விழற ஒரு சொட்டு 30-ல இருந்து 50 வரை இருக்கும். அதாவது ஒரே சொட்டுலயே கண்ணு நிரம்பி வழியுது. ரெண்டாவது சொட்டுக்கு உள்ள இடமே இல்ல. அது முதல் சொட்டையும் சேத்து இழுத்துக்கிட்டு கன்னத்துக்குப் போகும், இல்ல மூக்குக்குள்ள இறங்கும். "சந்தேகத்துக்கு இன்னொண்ணு" போடறதுல எந்த லாபமும் இல்ல. முதல் சொட்டு கண்ணுக்குள்ள விழவே இல்லைன்னு தெரிஞ்சா மட்டும் இன்னொண்ணு போடலாம்.

இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டா, எப்படிப் போடணும்ங்கறது தானா புரிஞ்சிடும்.

கையைக் கழுவிட்டு, பாட்டில்ல குலுக்கச் சொல்லியிருந்தா நல்லா குலுக்குங்க. இந்த அத்தையோட ரெண்டாவது பாட்டில் பிரின்சோலமைடும் டிமோலாலும் சேர்ந்தது. பால் மாதிரி வெள்ளையா இருக்கும். மருந்து அதுல கரைஞ்சு இருக்காது, பொடியா மிதந்துக்கிட்டு இருக்கும். குலுக்கலைன்னா அடியில தங்கிடும். பாட்டில் புதுசா இருக்கும்போது தண்ணிச் சொட்டும், கடைசியில கெட்டிச் சொட்டும் விழும். சாம்பார்ல அடியில இருக்கற பருப்பு மாதிரிதான்.

அப்புறம் தலையை நல்லா பின்னாடி சாய்க்கணும். சோபாவுல நேரா உக்காந்துக்கிட்டு மோவாயை மட்டும் லேசா தூக்கினா போதாது. வயசானவங்களுக்குக் கழுத்து சாயாது, அதனால கட்டில்ல படுக்க வச்சுப் போடறதுதான் நல்லது. கீழ் இமையை ஒரு விரலால மெதுவா கீழே இழுத்தா, இமைக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு சின்னப் பை மாதிரி இடம் தெரியும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான். கருவிழி மேல குறி வைக்க வேண்டாம். அங்க விழுந்தா கூசும், கண்ணு தானா மூடிக்கும். மேல கூரையைப் பாக்கச் சொல்லுங்க. பாட்டில் நுனி கண்ணுக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மேல நிக்கணும். இமை முடி, தோல், விரல் எதுலயும் படக் கூடாது. பட்டா, அங்க இருக்கற கிருமி பாட்டிலுக்குள்ள போகும்.

கை நடுங்கறவங்களுக்கு ஒரு வழி: பாட்டில் பிடிச்ச கையை, இமையை இழுத்துப் பிடிச்ச கை மேல ஊன்றிக்கலாம். இல்லைன்னா நெத்தியில ஊன்றலாம். ரெண்டு கையும் ஒண்ணாவே அசையறதால குறி தப்பாது. விரல்ல அழுத்தறதுக்கு பலம் இல்லைன்னா, பாட்டிலைப் பிடிச்சுக் கண்ணுக்கு நேரா நிறுத்தற பிளாஸ்டிக் தாங்கி கிடைக்குது. உங்க ஃபார்மசியில கேளுங்க. எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே தாங்கி பொருந்தாது, அதனால பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

சொட்டு விழுந்த உடனே கண்ணை மெதுவா மூடணும். இறுக்கி மூடக் கூடாது, படபடன்னு கொட்டவும் கூடாது. ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் மருந்தை மூக்குப் பக்கம் தள்ளறோம்னு அர்த்தம். கண்ணோட உள் மூலையில, மூக்கை ஒட்டின இடத்துல கண்ணீர் வடியற துளை இருக்கு. அழும்போது மூக்கு ஒழுகறது அதனாலதான். கண்ணை மூடினதும் அந்த மூலையை விரலால லேசா அழுத்தி ரெண்டு நிமிஷம் வச்சிருக்கணும். ரெண்டு கண்ணுக்கும் போடறதா இருந்தா, ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு போட்டுட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமா மூக்கின் ரெண்டு பக்கமும் ஒண்ணா அழுத்திக்கலாம்.

இந்த அழுத்தலை எல்லாரும் விட்டுடறாங்க. எனக்கு என்னவோ இதுதான் முழு விஷயத்துலயும் முக்கியமா படுது, குறிப்பா டிமோலால் போடறவங்களுக்கு. டிமோலால்ங்கறது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளோட அதே குடும்பம். மூக்கு வழியா இறங்கினா அது நேரா ரத்தத்துல கலக்கும். வயித்துல போற மாத்திரை மாதிரி கல்லீரல்ல முதல்ல வடிகட்டப்படறதும் இல்ல. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இழுப்பு வரலாம். நாடித்துடிப்பு குறையலாம். தலை சுத்தலாம். வயசானவங்க எழுந்திருக்கும்போது தள்ளாடறதுக்கு, கண்ணுல போட்ட ஒரு சொட்டு காரணமா இருக்கும்னு வீட்டுல யாருக்கும் தோணாது. உங்க அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ, இதயத்துடிப்பு மெதுவா இருக்கற பிரச்சினையோ இருந்தா, அது கண் டாக்டருக்குத் தெரியுமான்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்குங்க. கண்ணுக்கு ஒரு ஆஸ்பத்திரி, நெஞ்சுக்கு ஒரு ஆஸ்பத்திரின்னு போற வீடுகள்ல இது விட்டுப் போறது உண்டு.

சரியா அழுத்தறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தொண்டையில கசப்பு வருதான்னு கேளுங்க. பிரின்சோலமைடு மாதிரி மருந்து மூக்கு வழியா இறங்கினா வாயில கசக்கும். அத்தையும் "ராத்திரி பால் கசக்குது"ன்னு மாசக் கணக்கா சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. வீட்டுல பால் பிராண்டை மாத்தியிருக்காங்க!

கன்னத்துல வழியறதை டிஷ்யூவால ஒத்தி எடுக்கணும். லேட்டனோப்ரோஸ்ட் தினமும் தோல்ல பட்டா இமை கறுக்கும், பட்ட இடத்துல முடி வளரும். ஒருத்தரோட கண்ணைச் சுத்தி கருமை ஏறியிருந்தா, மருந்து எங்க போய்க்கிட்டு இருக்குன்னு கொஞ்சம் யோசிக்கலாம். (இமை முடி நீளமா அடர்த்தியா வளர்றது சரியா போட்டாலும் வரும். பேரப்பிள்ளைங்க பாட்டியோட இமை முடியைப் பாத்துப் பொறாமைப்படறதை நான் கேட்டிருக்கேன்.)

இனி வரிசை. நிறையப் பேர் எது முதல்ல, எது ரெண்டாவதுன்னுதான் கேக்கறாங்க. அதைவிட முக்கியமானது நடுவுல விடற நேரம். கண்ணுல போட்ட சொட்டை கண்ணீர் கழுவிக்கிட்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துல பெரும்பகுதி போயிடும், அதுக்குள்ள உள்ள ஊறினதுதான் கணக்கு. அரை நிமிஷத்துல அடுத்த சொட்டைப் போட்டா, ஊறறதுக்குள்ளயே முதல் மருந்தைக் கழுவி விடறோம். அதனால ரெண்டு சொட்டு மருந்துக்கு நடுவுல குறைஞ்சது அஞ்சு நிமிஷம். பத்துன்னா இன்னும் நல்லது.

வரிசைக்கு ஒரே ஒரு விதி போதும்: தண்ணியா இருக்கறது முதல்ல, கெட்டியா இருக்கறது கடைசியில. தெளிவான சொட்டு, அப்புறம் குலுக்கிப் போடற பால் மாதிரி சொட்டு, அப்புறம் ஜெல், எல்லாத்துக்கும் கடைசியா களிம்பு. களிம்பு எண்ணெய் மாதிரி கண்ணு மேல படிஞ்சுடும். அதுக்கு மேல விடற சொட்டு, வாழையிலையில விட்ட தண்ணி மாதிரி ஓடிப்போயிடும். ஜெல்லுக்கும் களிம்புக்கும் முன்னாடி பத்து நிமிஷம் விடுங்க. ரெண்டும் தெளிவான சொட்டுன்னா எதை முதல்ல போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல. தினமும் ஒரே வரிசையில போட்டா குழப்பம் வராது, அவ்வளவுதான். டாக்டர் உங்களுக்குன்னு வேற வரிசை சொல்லியிருந்தா அதையே பின்பற்றுங்க.

அத்தைக்கு நாங்க போட்ட நேரக்கணக்கு இது. ராத்திரி எட்டு மணிக்கு லேட்டனோப்ரோஸ்ட், ரெண்டு கண்ணுலயும் ஒவ்வொரு சொட்டு, ரெண்டு நிமிஷம் அழுத்தல். எட்டு அஞ்சுக்கு வெள்ளைப் பாட்டிலைக் குலுக்கி ஒவ்வொரு சொட்டு, மறுபடி ரெண்டு நிமிஷம். எட்டு பதினைஞ்சுக்கு ஜெல். சீரியலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. ஜெல் போட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அது தெளியறதுக்கும் நேரம் கிடைக்குது. காலையில வெள்ளைப் பாட்டில் ஒரு தடவை, பத்து நிமிஷம் கழிச்சு ஜெல். பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எழுத்து பொடியா இருக்குன்னு அத்தை சொன்னாங்களாம். முதல் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், ரெண்டாவதுக்கு ரெண்டு. கையில தடவினாலே தெரியும். நேரத்துக்கு பேத்தி போன்ல டைமர் வச்சுக் கொடுத்திருக்கா.

புரை ஆபரேஷன் ஆனவங்களுக்கும் இதே விதிதான். அவங்களுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணு, ஸ்டீராய்டு ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு நாலு வேளை எழுதுவாங்க. ஸ்டீராய்டு சொட்டு பெரும்பாலும் வெள்ளையா, குலுக்க வேண்டியதா இருக்கும். ஏற்கெனவே பிரஷர் மருந்து போடறவங்களா இருந்தா, ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய மருந்துகளைத் தொடரணுமா, ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குத் தனியா புதுப் பாட்டில் வேணுமான்னு வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

இப்ப அந்தப் பொங்கல் பாட்டிலுக்கு வருவோம். பெட்டியில அச்சடிச்சிருக்கற காலாவதித் தேதி, மூடி திறக்காத பாட்டிலுக்குத்தான். திறந்த அன்னைக்கு வேற ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். வழக்கமான சொட்டுப் பாட்டிலுக்கு அது 28 நாள். அதுல கிருமி வளராம இருக்க ஒரு பாதுகாப்பு மருந்து சேர்த்திருப்பாங்க, ஆனா தினமும் திறந்து மூடற பாட்டிலை அது எத்தனையோ மாசத்துக்குக் காப்பாத்தாது. பார்வைக்குத் தெளிவா இருக்கே, வாசனை வரலையேங்கறது சாட்சி இல்ல. கிருமி சேர்ந்த சொட்டும் தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருக்கும். நிறம் மாறியிருந்தா, துகள் மிதந்தா, நுனியில காஞ்சு படிஞ்சிருந்தா, 28 நாள் ஆகலைன்னாலும் தூக்கிப் போடுங்க. ஆனா அது எதுவும் இல்லைன்னா நல்ல பாட்டில்னு நினைச்சுடாதீங்க.

லேட்டனோப்ரோஸ்ட்டுக்கு இன்னும் ஒரு விஷயம். மூடி திறக்காதவரை பெரும்பாலான பாட்டில்கள் ஃப்ரிட்ஜுக்குள்ள, 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். திறந்த பிறகு 25 டிகிரிக்குக் கீழ வெளியிலயே இருக்கலாம். சூடும் வெளிச்சமும் ஆகாது. கெட்டில் பக்கத்து ஜன்னல் ஓரம் இது ரெண்டும் சேர்ந்த இடம். ஐரோப்பாவுல திறந்த பாட்டிலுக்கு நாலு வாரம்னு லேபிள் சொல்லும். அமெரிக்காவுல அதே மருந்துக்கு ஆறு வாரம்னு இருக்கும். ரெண்டு நாட்டுலயும் சொந்தக்காரங்க இருக்கற வீட்டுல இதுக்காக வாட்ஸ்அப்ல சண்டை வேண்டாம். உங்க கையில இருக்கற பெட்டி என்ன சொல்லுதோ அதுதான்.

பாதுகாப்பு மருந்து சேர்க்காத சொட்டுகளும் இருக்கு, முக்கியமா கண் வறட்சிக்கு. அதுல ரெண்டு வகை. குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பியா, ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு உடைச்சுப் போடறது ஒண்ணு. மீதியை நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது. காத்து உள்ள போகாத மாதிரி தனி மூடி அமைப்போட வர்ற பாட்டில் இன்னொண்ணு. அது மூணு மாசம், சிலது ஆறு மாசம்கூட வரும். லேபிள்லயே போட்டிருக்கும். ஜெல்லும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதனால பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க.

நினைவு வச்சுக்கறது யாராலயும் முடியாது. பாட்டிலைத் திறக்கற நிமிஷமே அழியாத பேனாவால பாட்டில் மேலயே தேதி எழுதுங்க. திறந்த தேதியைவிட, தூக்கிப் போட வேண்டிய தேதியை எழுதறதுதான் எனக்குப் பிடிச்ச முறை. ஜூன் 3-ஆம் தேதி திறந்தா, "ஜூலை 1" னு எழுதிடுங்க. அப்புறம் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்ல.

இந்த 28 நாள் இன்னொரு வேலையும் செய்யும். அது அளவுகோல். லேட்டனோப்ரோஸ்ட் பாட்டில்ல 2.5 மி.லி. இருக்கும், அதாவது சுமார் 80 சொட்டு. ரெண்டு கண்ணுக்கும் ராத்திரி ஒவ்வொரு சொட்டுன்னா 28 நாளுக்கு 56 சொட்டு. குறி தப்பறதுக்குன்னு 24 சொட்டு மிச்சம் இருக்கு. அத்தை கண்ணுக்கு மூணு சொட்டு விட்டா ஒரு நாளைக்கு ஆறு. எண்பதை ஆறால வகுத்துப் பாருங்க, பதிமூணு நாள். ரெண்டு வாரத்துல பாட்டில் தீந்ததோட மர்மம் இதுதான். பாட்டில் முன்கூட்டியே தீந்தா சொட்டு வெளியே போகுது. 28 நாள் முடிஞ்சும் பாட்டில் பாதி இருந்தா, யாரோ வேளை தப்ப விடறாங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் வீட்டுப் பெரியவங்களைத் திட்டாம கண்டுபிடிச்சுடலாம்.

நிஜமாவே சீக்கிரம் தீந்துபோனா, அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஃபார்மசியில சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. கை நடுங்கறவங்களுக்குக் கூடுதலா எழுதித் தர்றது சாதாரண விஷயம். அந்த வாசகிகிட்ட நான் கடைசியா எழுதினதும் இதுதான். அடுத்த செக்கப்ல இத்தனை நாளா எப்படிப் போட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. அந்த 24-ங்கற எண்ணை எப்படிப் படிக்கணும்ங்கறது அவருக்கு அப்பத்தான் தெரியும். மூணு பாட்டிலையும் கையோட கொண்டுபோய், அங்க இருக்கற நர்ஸ் முன்னாடி அத்தையையே ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க. மருமக சொன்னா கேக்காதது நர்ஸ் சொன்னா கேட்கும்.

அத்தை சங்கடப்பட்டது பத்தி ஒரு வார்த்தை. "எனக்கு மருந்து தீந்துடுச்சு"ன்னு சொல்றது நம்ம பெரியவங்களுக்கு "எனக்காகச் செலவு பண்ணு"ன்னு கேக்கற மாதிரி. நீங்க கேட்டாலும் "இருக்கும்மா, இருக்கு"ன்னுதான் பதில் வரும். கேக்காம, வாரம் ஒரு தடவை பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்துடுங்க.

குழந்தைங்களுக்குச் சொட்டு போடறது பத்தியும் சிலர் கேட்டிருந்தீங்க. பிடிச்சு அமுக்கிக் கண்ணைத் திறக்க வைக்கற போராட்டம் தேவையில்ல. மல்லாக்கப் படுக்க வச்சு, கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. உள் மூலையில, மூக்கை ஒட்டின குழியில ஒரு சொட்டு விடுங்க. அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னா மருந்து தானா உள்ள ஓடிடும். குழந்தை அழுதுக்கிட்டு இருந்தா அடங்கறவரைக்கும் பொறுங்க, அழுகையில மருந்து முழுக்க கழுவிப் போயிடும். கண்ணு ஒட்டிக்கற அளவுக்கு பீளை இருந்தா, ஆறவச்ச வெந்நீர்ல நனைச்ச பஞ்சால முதல்ல துடைச்சுட்டுப் போடுங்க, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. கான்டாக்ட் லென்ஸ் போடற பெரிய பிள்ளைங்க லென்ஸைக் கழட்டிட்டுத்தான் சொட்டு போடணும், மறுபடி மாட்ட குறைஞ்சது கால் மணி நேரம் ஆகட்டும். கண்ணு சிவந்து பீளை கட்டியிருக்கற நாள்ல லென்ஸே வேண்டாம்.

கண்ணு சரியாப் போச்சுன்னா மீதி மருந்தை ஃபார்மசியில திருப்பிக் கொடுத்துடுங்க. போன வருஷம் அக்காவுக்குப் போட்டதைத் தம்பிக்குப் போடறது, ஊர்ல இருந்து சித்தப்பா கொண்டு வந்த "எல்லாக் கண்ணுக்கும் கேக்கற" சொட்டைப் போடறது ரெண்டும் வேண்டாம். இதை நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்வேன். ஊர்க் கடையில கிடைக்கற பல சொட்டுகள்ல ஆன்டிபயாடிக்கோட ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பு ஒரே நாள்ல அடங்கறது அதனாலதான். ஆனா அந்தச் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸா இருந்தா, ஸ்டீராய்டு போட்ட கருவிழியில புண்ணு பரவும். வாரக் கணக்குல போட்டா கண் பிரஷரும் ஏறும், அதாவது பாட்டிக்கு வந்த அதே பிரச்சினையை நாமே வரவழைச்ச மாதிரி. கண்ணுல வலி, வெளிச்சம் பார்த்தா கூச்சம், பார்வை மங்கல், இதுல ஒண்ணு இருந்தாலும் சொட்டு எதுவும் தேடாம அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. வீட்டுல ஏற்கெனவே ஏதாவது சொட்டு போட்டிருந்தா அந்தப் பாட்டிலையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.